கிரப்புக்கு முன் ஒரு சிறு நிரல்

கணினியின் மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையின் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை மென்பொருளே முதலில் இயங்கி, நினைவகத்தையும் வட்டுகளையும் சரிபார்த்து, வட்டின் ஒரு சிறு பகுதியிலிருந்து அடுத்த நிரலை எடுத்து, கணினியின் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸ் கணினிகளில் அந்த அடுத்த நிரல் பெரும்பாலும் கிரப் என்னும் பூட்லோடராக இருந்துவந்தது. எந்தக் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் எந்த உட்கருவை, ஏற்றுவது என்று பயனரிடம் கேட்டு, அதை நினைவகத்தில் வைத்து இயக்கிவிடுவது கிரப்பின் வேலை. ஆனால் இன்று உபுண்டுவோ ஃபெடோராவோ நிறுவிய கணினியில் பூட் பகுதியைத் திறந்து பார்த்தால், கிரப்புக்கு முன்பாக `shimx64.efi` என்னும் வேறொரு கோப்பு நிற்பதைக் காணலாம். ஃபர்ம்வேர் ஏற்றுவது அதைத்தான். கிரப்பை ஏற்றுவது அந்தக் கோப்பின் பொறுப்பு.

கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே விழும் சந்தை அடைக்கத் தச்சர் செருகும் மெல்லிய மரச்செதிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ஷிம் என்பது. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு உறுப்புகளுக்கு நடுவே நின்று அவற்றைப் பொருந்தச் செய்வது அந்தச் செதிலின் பயன். இங்கே பொருந்தாதிருந்தவை இரண்டு நம்பிக்கைகள்: ஃபர்ம்வேர் யாருடைய கையொப்பத்தை நம்புகிறது என்பது ஒன்று, லினக்ஸ் வழங்கல் ஒன்று தன் மென்பொருள்களை யாருடைய கையொப்பத்தோடு வெளியிடுகிறது என்பது மற்றொன்று.

பூட் நிலையில் புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுப்பதற்காக வந்ததே செக்யூர் பூட் என்னும் ஏற்பாடு. கெர்னலுக்கு முன்பே இயங்கிவிடும் தீநிரல் கெர்னலையே திருத்திவிடலாம். அதன் பிறகு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எதுவும் அதைக் காண முடியாது. ஆகவே ஃபர்ம்வேர் தான் ஏற்றும் ஒவ்வொரு நிரலிலும் எண்ணிம முறையில் இடப்பட்ட கையொப்பம் இருக்கிறதா, அது தன்னிடமுள்ள சான்றிதழ்களில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று சோதித்து, பொருந்தாததை இயக்க மறுக்கிறது. இதற்காக ஃபர்ம்வேர் தன் நிலைத்த நினைவகத்தில் இரண்டு பட்டியல்களை வைத்திருக்கிறது. நம்பத்தக்க சான்றிதழ்களும் கோப்புகளின் ஹாஷ் மதிப்புகளும் `db` என்னும் பட்டியலில் உள்ளன. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற நீண்ட எண். ஒருகாலத்தில் நம்பப்பட்டு இப்போது விலக்கப்பட்டவை `dbx` என்னும் பட்டியலில் உள்ளன. இரண்டிலும் ஒரு நிரல் அகப்பட்டால் விலக்கே வெல்லும்.

சிக்கல் `db` பட்டியலை யார் நிரப்புவது என்பதில் தொடங்குகிறது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, அதன் முத்திரையைப் பெற விரும்பிய கணினி உற்பத்தியாளர்கள் செக்யூர் பூட்டை இயக்கிய நிலையிலேயே கணினிகளை விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதனால் கடையில் வாங்கும் ஏறத்தாழ ஒவ்வொரு கணினியிலும் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்கள் முன்கூட்டியே பதிந்திருந்தன. அவற்றுள் ஒன்று விண்டோஸுக்கு உரியது. மற்றொன்று பிற நிறுவனங்களின் நிரல்களுக்குக் கையொப்பமிடப் பயன்படுவது. வரைகலை அட்டைகளுக்குள் இருக்கும் தொடக்க நிரல்கள் போன்றவை இந்த இரண்டாம் சான்றிதழின் கீழ்வருபவை. லினக்ஸ் நிறுவனங்கள் எதனுடைய சான்றிதழும் அப்பட்டியலில் பொதுவாக இடம்பெறவில்லை. பயனர் தம் கணினியில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் லினக்ஸை ஒருமுறை முயன்று பார்க்க விரும்பும் புதியவரிடம், உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுபடும் ஃபர்ம்வேர் திரைகளுக்குள் சென்று ஒரு பாதுகாப்பை அணைக்கச் சொல்வது எந்த வழங்கலும் விரும்பக்கூடிய தொடக்கம் அன்று.

ஃபெடோராவின் பின்னால் நிற்கும் ரெட் ஹாட் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய மேத்யூ காரெட் முன்னிருந்த வழிகள் சில. ஒவ்வொரு உற்பத்தியாளரையும் அணுகி ஃபெடோராவின் சான்றிதழைச் சேர்க்கச் செய்யலாம்; ஆனால் அப்படிச் செய்ய ஒரு பெரிய நிறுவனத்தால் இயன்றாலும் சிறு வழங்கல்களால் இயலாது என்பதால், லினக்ஸ் உலகுக்குள்ளேயே அது ஏற்றத்தாழ்வை உண்டாக்கியிருக்கும். லினக்ஸ் உலகம் முழுமைக்கும் ஒரே பொதுச் சான்றிதழை நடத்தலாம்; ஆனால் அதற்கான அமைப்பைக் கட்டி, காவல் செய்து, எல்லா உற்பத்தியாளர்களையும் ஏற்கச் செய்வதற்குள் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். எஞ்சியது, ஏற்கெனவே எல்லாக் கணினிகளிலும் இருக்கும் மைக்ரோசாஃப்டின் இரண்டாம் சான்றிதழின்கீழ்க் கையொப்பம் பெறுவது. அந்தச் சேவையைப் பெறுவதற்கான நுழைவுக் கட்டணம் அப்போது 99 டாலர் மட்டுமே. கசப்பான வழி என்றாலும், உடனே பலன் தரக்கூடியது அது ஒன்றுதான்.

அப்படியானால் கிரப்பையே நேரடியாக அனுப்பிக் கையொப்பம் பெற்றிருக்கலாமே என்ற வினா இயல்பாக எழும். இதற்கு விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது உரிமம் பற்றியது. கிரப் 2 ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுவது. ஒரு பொருளில் அடங்கிய மென்பொருளைப் பயனர் திருத்தி மீண்டும் அதே பொருளில் இயக்கத் தேவையான எல்லாவற்றையும், சில சூழல்களில் கையொப்பத் திறவுகோலையும்கூட, தர வேண்டும் என்னும் விதி அந்த உரிமத்தில் உண்டு. தன் திறவுகோலை வெளியிடும் கடப்பாடு தன்மேல் விழக்கூடும் என்னும் அச்சத்தால், அந்த உரிமத்தின்கீழ் வரும் நிரல்களுக்குக் கையொப்பமிடுவதில்லை என்பதை மைக்ரோசாஃப்ட் கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஷிம்முக்குக் காரெட் தேர்ந்தது, அத்தகைய கடப்பாடு எதுவும் இல்லாத பிஎஸ்டி வகை உரிமம்.

இரண்டாவது பகுதி காலத்தைப் பற்றியது. உரிமச் சிக்கல் நாளையே தீர்ந்தாலும் இது தீராது என்பதால் இதுவே வலுவானது எனலாம். கிரப் பெரிய நிரல். பல வகைக் கோப்பு முறைமைகளையும், படிம வடிவங்களையும், எழுத்துருக்களையும், வலையமைப்பையும், தனக்கென ஒரு கட்டளை மொழியையும் அறிந்தது. ஆகவே அதில் பிழைகள் கண்டறியப்படுவதும் திருத்தப்படுவதும் ஓயாமல் நடப்பவை. கெர்னலோ அதைவிடவும் வேகமாக மாறுகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளி நிறுவனம் ஒன்றின் வாசலில் காத்திருக்க வேண்டுமானால், ஒரு பாதுகாப்புப் பிழையின் திருத்தம் தயாராக இருந்தும் பயனரை அடையாத நாள்கள் பெருகும். அரிதாகவே மாறும் ஒரு நிரலுக்கு மட்டும் ஒருமுறை அந்தக் கையொப்பத்தைப் பெற்றுவிட்டு, அடிக்கடி மாறுபவை அனைத்துக்கும் வழங்கல் தானே கையொப்பமிட்டுக்கொள்ள முடிந்தால் இந்தக் காத்திருப்பு மறைந்துவிடும். ஷிம் செய்வது இதைத்தான். உபுண்டுவின் ஷிம்முக்குள் அதை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் சான்றிதழும், ஃபெடோராவின் ஷிம்முக்குள் ஃபெடோராவின் சான்றிதழும், நிரல் தொகுக்கப்படும்போதே உள்ளே வைக்கப்படுகின்றன. வெளியே மைக்ரோசாஃப்ட் வழி வந்த கையொப்பமும், உள்ளே வழங்கலின் சான்றிதழும் என்னும் இந்தச் சேர்க்கையே ஷிம்மின் சாரம்.

இனி அது இயங்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஃபர்ம்வேர் ஷிம்மின் கையொப்பத்தைச் சோதித்து, தன் `db` பட்டியலோடு அது பொருந்துவதைக் கண்டு, அதை இயக்குகிறது. அடுத்து ஷிம் தன் அருகே, அதே கோப்புறையில், `grubx64.efi` என்னும் கோப்பைத் தேடி எடுக்கிறது. ஒரு நிரலை ஏற்றித் தருமாறு ஃபர்ம்வேரைக் கேட்கும் வழக்கமான சேவையை இந்த இடத்தில் ஷிம் பயன்படுத்த இயலாது. கேட்டால் ஃபர்ம்வேர் தன் பட்டியலைப் பார்த்து, கிரப்பில் இருப்பது கனோனிக்கலின் கையொப்பம், அது தனக்கு அறிமுகமற்றது என்று மறுத்துவிடும். ஆகவே ஷிம் ஃபர்ம்வேரின் வேலையைத் தானே செய்கிறது. கோப்பை நினைவகத்துக்குப் படித்து, அதன் ஹாஷைக் கணக்கிட்டு, அந்த ஹாஷோ சான்றிதழோ விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் நோக்கி, இல்லையெனில் ஃபர்ம்வேரின் `db`, கணினி உரிமையாளரின் பட்டியல், தனக்குள் புதைந்திருக்கும் வழங்கலின் சான்றிதழ் ஆகியவற்றுள் எதனோடேனும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தினால் கோப்பின் பகுதிகளை நினைவகத்தில் உரிய இடங்களில் பரப்பி, முகவரிகளைத் திருத்தி, அதன் தொடக்கப் புள்ளிக்குத் தாவிவிடுகிறது.

இத்தனையும் செய்யக் கையொப்பங்களைச் சோதிக்கும் கணிதம் தேவை என்பதால், ஷிம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையியல் நூலகத்தின் தேவையான பகுதிகளைத் தனக்குள் சுமந்து செல்கிறது. ஒரு மெகாபைட்டை ஒட்டிய அதன் கோப்பளவைக் கண்டு, இது சிறு நிரல்தானா என்று ஐயுறுவோர் இதை நினைவில் கொள்ளலாம். சிறியது என்று இங்கே சொல்லப்படுவது ஷிம்முக்கே உரிய நிரல்வரிகளும் அது மேற்கொள்ளும் பொறுப்புகளுமே: பட்டியல் காட்டுவதில்லை, கோப்பு முறைமைகளை அறிவதில்லை, கெர்னலை அறிவதில்லை.

கிரப் இயங்கத் தொடங்கிய பிறகும் ஷிம் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. கெர்னலின் கையொப்பத்தைச் சோதிக்க வேண்டிய கிரப்புக்கும் முன்சொன்ன அதே இடர்ப்பாடு நேர்கிறது. கெர்னலில் இருப்பதும் வழங்கலின் கையொப்பம்தான், ஃபர்ம்வேருக்கு அது தெரியாது. இதற்காகவே ஷிம் தன் சோதனைச் செயல்முறையை நினைவகத்தில் ஒரு பொதுச் சேவையாகப் பதிந்து வைத்துவிட்டுச் செல்கிறது. கிரப் கெர்னலைப் படித்ததும் அந்தச் சேவையை அழைக்கிறது. ஷிம் மீண்டும் ஒருமுறை தன் பட்டியல்களைப் புரட்டி ஆம் அல்லது இல்லை என்கிறது. பயனர் தாமே தொகுத்த, கையொப்பமிடாத கெர்னலைத் தேர்ந்தெடுக்கும்போது திரையில் தோன்றும் `bad shim signature` என்னும் பிழைச்செய்தி ஷிம்மின் கையொப்பம் கெட்டுவிட்டது என்று பொருள்படுவதாகத் தோன்றிப் பலரை மயக்குகிறது; ஷிம்மிடம் கேட்ட சோதனையில் கெர்னல் தோற்றது என்பதே அதன் பொருள்.

சங்கிலி அங்கேயும் முடிவதில்லை. கையொப்பமிட்ட கெர்னல் யார் கொடுத்த நிரலையும் கேள்வியின்றித் தனக்குள் ஏற்றிக்கொள்ளுமானால், லினக்ஸையே ஏணியாக்கிக் கையொப்பமில்லாத தீநிரல் ஒன்றை இயக்கி, அதன்மூலம் விண்டோஸைக்கூடத் தாக்கலாம். அப்போது அந்த ஷிம்மை நம்பிய எல்லாக் கணினிகளின் பாதுகாப்பும் பொருளிழந்துவிடும். ஆகவே செக்யூர் பூட்டின்கீழ் இயங்கும்போது கெர்னல் தன் வாயில்கள் சிலவற்றைத் தானே அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஷிம்முக்குக் கையொப்பம் கேட்போர் ஏற்கும் கடப்பாடு. வழங்கல்கள் தனித்தனியே பேணிவந்த இந்த அடைப்பு, லாக்டவுன் என்னும் பெயரில் 2019-இல் வெளிவந்த 5.4 பதிப்பில் பொதுக் கெர்னலுக்குள் சேர்ந்தது.

இந்தக் கடப்பாடு கணினியின் உரிமையாளரை எங்கே நிறுத்துகிறது என்ற வினா தொடக்கத்திலேயே கூர்மையாக எழுந்தது. லினக்ஸின் உயிர்நாடியே உரிமையாளர் தம் கெர்னலைத் தாமே திருத்தி இயக்கும் உரிமைதான். மைக்ரோசாஃப்டும் வழங்கலும் மட்டுமே நம்பிக்கைக்கு உரியோர் என்னும் நிலை அந்த உரிமையைப் பறித்துவிடும். இதற்கு விடை தந்தது சூசே நிறுவனம். 2012 ஆகஸ்டில் அது முன்வைத்த கருத்துப்படி, ஃபர்ம்வேரின் பட்டியலைத் தவிர ஷிம் தனக்கென மூன்றாம் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதில் சான்றிதழைச் சேர்ப்பவர் கணினியின் உரிமையாளரே. கணினி உரிமையாளரின் திறவுகோல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை மோக் என்பர். ஷிம்மின் வடிவமைப்பில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி இதுவே. இது இல்லாதிருந்தால் ஷிம் ஒரு அனுமதிச்சீட்டு என்னும் அளவோடு நின்றிருக்கும்.

இந்தப் பட்டியலைக் காக்கும் உத்தி எளிமையும் அழகும் கொண்டது. ஃபர்ம்வேர் தன்னிடம் சேமிக்கப்படும் மாறிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: இயங்குதளம் வந்த பிறகும் எட்டக்கூடியவை ஒரு வகை, பூட் கட்டத்தில் மட்டும் எட்டக்கூடியவை மற்றொரு வகை. மோக் பட்டியல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கெர்னல் கட்டுப்பாட்டை ஏற்கும் நொடியில் ஃபர்ம்வேர் அந்த வாயிலை மூடிவிடுவதால், கணினியில் நிர்வாகி அதிகாரம் பெற்றுவிட்ட தீநிரலாலும் பட்டியலைத் திருத்த இயலாது. இயங்குதளத்தில் இருந்துகொண்டு பயனர் செய்யக்கூடியது ஒரு வேண்டுகோளை விட்டுவைப்பது மட்டுமே:

```
sudo mokutil --import MOK.der
```

இக்கட்டளை ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல் ஒன்றைக் கேட்டு, சான்றிதழையும் கடவுச்சொல்லின் ஹாஷையும் தற்காலிக மாறிகளில் எழுதுகிறது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது ஷிம் அந்த வேண்டுகோளைக் கண்டு, கிரப்புக்குச் செல்லாமல் `mmx64.efi` என்னும் துணை நிரலை இயக்குகிறது; நீலத் திரை ஒன்று தோன்றிச் சில நொடிகள் காத்திருக்கிறது. விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் `Enroll MOK` என்பதைத் தேர்ந்து, முன்பு இட்ட கடவுச்சொல்லை மீண்டும் தட்டினால்தான் சான்றிதழ் பட்டியலில் ஏறும். வேண்டியவரும் கணினியின் முன் இருப்பவரும் ஒருவரே என்பதை இந்த இரட்டைப் படி உறுதிசெய்கிறது. என்விடியா வரைகலை அட்டைக்கான இயக்கியை நிறுவுவோர் இந்தத் திரையை அதிகம் சந்திப்பர். அந்த இயக்கி அவர்களுடைய கணினியிலேயே தொகுக்கப்படும்போது, அதற்கு வழங்கலின் கையொப்பம் கிடைக்க வழியில்லை. நீலத் திரையைக் கவனியாமல் விட்டுவிட்டால் கணினி வழக்கம்போல் தொடங்கிவிடும், ஆனால் இயக்கி ஏறாது. அதைக் கைப்பட ஏற்ற முயன்றால் `Key was rejected by service` என்னும் விடை வரும். அந்த வரியைக் கண்டவர் இயக்கியை மீண்டும் நிறுவிப் பயனில்லை. சான்றிதழைத்தான் மீண்டும் பதிய வேண்டும்.

ஷிம் திட்டத்தின் உண்மையான சோதனை 2020 ஜூலையில் வந்தது. எக்லிப்சியம் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கிரப் தன் அமைப்புக் கோப்பான `grub.cfg`-ஐப் படிக்கும் முறையில் ஒரு பிழையை வெளியிட்டனர்; அதற்குப் பூட்ஹோல் என்று பெயரிட்டனர். அளவுக்கு மீறி நீண்ட சொல் ஒன்றைச் சந்திக்கும்போது கிரப்பின் பகுப்பான் உயிர்ப்பிழை என்று செய்தி காட்டிவிட்டு நின்றிருக்க வேண்டும். செய்தியைக் காட்டிவிட்டு மேலே தொடர்ந்ததால், நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிட்டது. அமைப்புக் கோப்பு கணினிக்குக் கணினி மாறுவது என்பதால் அதற்குக் கையொப்பம் கிடையாது. ஆக, நிர்வாகி அதிகாரம் பெற்ற ஒருவர் அக்கோப்பில் தந்திரமான வரிகளை எழுதி, முறையாகக் கையொப்பமிட்ட கிரப்புக்குள்ளேயே தம் நிரலை இயக்க முடிந்தது.

பிழையைத் திருத்துவது எளிதாக இருந்தது. கடினமானது பழையதை ஒழிப்பதுதான். கையொப்பம் ஒருமுறை இடப்பட்டால் அது மறைவதில்லை. திருத்தப்பட்ட கிரப் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகும், பழைய ஷிம்மையும் பிழையுள்ள பழைய கிரப்பையும் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து எந்தக் கணினியிலும் இயக்கலாம். ஃபர்ம்வேர் அவற்றை மகிழ்ந்து ஏற்கும். அவை ஒவ்வொன்றையும் `dbx` பட்டியலில் சேர்ப்பதே அப்போதிருந்த ஒரே வழி. x64 வகைக் கணினிகளுக்காக மட்டும் 3 சான்றிதழ்களும் 150 ஹாஷ்களும் சேர்க்கப்பட்டன. ஹாஷ் ஒன்றுக்கு 32 பைட், அதைச் சேர்த்தவரின் அடையாளத்துக்கு 16 பைட் என ஒவ்வொன்றும் 48 பைட் கொள்ளும். 150 ஹாஷ்களுக்கு 7,200 பைட். சான்றிதழ்களையும் கூட்டினால் ஏறத்தாழ 10 கிலோபைட் ஆகிறது. பெரும்பாலான ஃபர்ம்வேர்களில் இந்தப் பட்டியலுக்குக் கிடைக்கும் மொத்த இடம் 32 கிலோபைட் மட்டுமே. ஒரே ஒரு பிழை, மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. இன்னும் இரண்டு பூட்ஹோல் வந்தால் விலக்குவதற்கே இடமிருக்காது.

இதற்கான தீர்வும் ஷிம்முக்குள்தான் பிறந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே விலக்குவதை விட்டு, இன்ன தலைமுறைக்கு முற்பட்டவை அனைத்தும் செல்லாது என்று ஒரே வரியில் சொல்ல வழி தேடினர். எஸ்பேட் என்று அழைக்கப்படும் இம்முறை 2021-இல் ஷிம் 15.3 பதிப்போடு வந்தது. இதன்படி ஷிம், கிரப் முதலிய ஒவ்வொரு நிரலும் தன் கோப்புக்குள், கையொப்பத்தால் காக்கப்படும் தனிப் பகுதியில், தன் பெயரையும் தலைமுறை எண்ணையும் எழுதி வைத்துக்கொள்கிறது. எல்லாப் பதிப்புகளையும் பாதிக்கும் பாதுகாப்புப் பிழை திருத்தப்படும்போது மட்டும் அந்த எண் ஒன்று கூடுகிறது. புதிய வசதிகள் சேர்ந்தால் கூடுவதில்லை. குறைந்தபட்சம் எந்தத் தலைமுறை ஏற்கத்தக்கது என்பது மோக் பட்டியலைப் போலவே காக்கப்படும் மாறி ஒன்றில் எழுதப்படுகிறது. அதன் உள்ளடக்கம் இவ்வளவு சுருக்கமானது:

```
sbat,1,2022111500
shim,2
grub,3
```

முதல் வரியில் இருப்பது இந்தப் பட்டியலின் தேதி. இரண்டாம் தலைமுறைக்கு முந்தைய ஷிம்மையும், மூன்றாம் தலைமுறைக்கு முந்தைய கிரப்பையும், அவற்றை எந்த வழங்கல் வெளியிட்டிருந்தாலும், மற்ற இரண்டு வரிகள் விலக்கிவிடுகின்றன. நூற்றைம்பது ஹாஷ்கள் செய்த வேலையைச் சில பைட்டுகள் செய்கின்றன. ஷிம் இயங்கத் தொடங்கியதும் முதலில் தன் சொந்தத் தலைமுறை எண்ணையே இந்த மாறியோடு ஒப்பிட்டு, தான் காலாவதியானவன் எனக் கண்டால் அங்கேயே நின்றுவிடுகிறது; தன்னையே விலக்கிக்கொள்ளும் திறன் அதற்கு இவ்வாறு கிடைத்தது.

ஆனால் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கும்போது இந்தப் பொதுமாறியை யார் உயர்த்துவது என்பது தொல்லை தரக்கூடியது என்பதை 2024 ஆகஸ்ட் காட்டியது. அம்மாதத்து விண்டோஸ் புதுப்பிப்பு, 2022-இல் கண்டறியப்பட்ட கிரப் பிழை ஒன்றுக்கு எதிராக, குறைந்தபட்சத் தலைமுறையை உயர்த்தி எழுதியது. விண்டோஸோடு லினக்ஸும் உள்ள கணினிகளில் இது செய்யப்படாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது; எனினும் லினக்ஸ் இருப்பதைக் கண்டறியும் அதன் சோதனை சில அமைப்புகளைத் தவறவிட்டது. மறுநாள் லினக்ஸைத் தொடங்க முயன்ற பலருக்குக் கிரப்பின் பட்டியல் வரவில்லை. வந்தவை இந்த வரிகள்:

```
Verifying shim SBAT data failed: Security Policy Violation
Something has gone seriously wrong: SBAT self-check failed: Security Policy Violation
```

இதைக் கண்டு வட்டு பழுதாகிவிட்டது என்றோ லினக்ஸ் அழிந்துவிட்டது என்றோ அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் இரண்டாம் வரியை ஊன்றிப் படித்தால் நடந்தது விளங்கும்: ஷிம் கிரப்பைக் குறை சொல்லவில்லை, தன்னைத்தானே சோதித்து, தன் எண் போதாது என்று கூறுகிறது. அதாவது ஃபர்ம்வேர் ஷிம்மை ஏற்றுவிட்டது, கோப்புகள் அனைத்தும் முழுமையாக இருக்கின்றன, குறைந்தபட்ச எண் மட்டும் ஷிம்மைத் தாண்டிப் போய்விட்டது. எனவே மீட்கும் வழியும் நேரானது. ஃபர்ம்வேர் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைத் தொடங்கி, `sudo mokutil --set-sbat-policy delete` என்னும் கட்டளையை இட்டு, கணினியை மீண்டும் ஒருமுறை லினக்ஸிலேயே தொடங்க வேண்டும். அந்த மறுதொடக்கத்தில்தான் ஷிம் மாறியைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அதன் பிறகு ஷிம்மையும் கிரப்பையும் வழங்கலின் புதிய பதிப்புகளுக்கு உயர்த்திவிட்டு, செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கலாம். செக்யூர் பூட்டை அணைத்தபடியே விட்டுவிட்டவர்கள், எச்சரிக்கைக்கு மூலமான பிழையுள்ள கிரப்போடு பாதுகாப்பையும் இழந்து நின்றார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

எண்ணை உயர்த்துவது சரியே. உயர்த்துமுன் புதிய ஷிம் எல்லாரையும் சென்றடைந்திருக்க வேண்டும் என்பதே அங்கே தவறிய நிபந்தனை. ஷிம் சென்றடைவதற்கு நாளாவதன் காரணம் அதன் பரிசீலனை முறையில் இருக்கிறது. ஒரு வழங்கல் தன் ஷிம்மைக் கையொப்பத்துக்கு அனுப்புமுன், பல வழங்கல்களின் வல்லுநர்கள் பங்கேற்கும் வெளிப்படையான பரிசீலனைக்கு அதை வைக்க வேண்டும். திறவுகோல் எங்கே, எவ்வாறு காக்கப்படுகிறது, எந்தெந்தத் திருத்தங்கள் கிரப்பில் சேர்ந்துள்ளன, கெர்னலில் லாக்டவுன் உள்ளதா என்னும் வினாக்களுக்கு எழுத்தில் விடை தர வேண்டும். பரிசீலிப்போர் மூலநிரலைத் தம் கணினிகளில் தாமே தொகுத்து, கிடைக்கும் கோப்பின் ஹாஷ் வழங்கல் தந்த கோப்பின் ஹாஷோடு கடைசி பைட் வரை ஒன்றுபடுகிறதா என்று பார்க்கின்றனர். இதற்குப் பின்னரே மைக்ரோசாஃப்டின் பணி தொடங்குகிறது. கிரப்பும் கெர்னலும் இப்படி ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணும்போது, காரெட் ஏன் இடையில் ஒரு செதிலைச் செருகினார் என்பது மீண்டும் புலப்படும்.

அந்த நீண்ட வாயிலை இப்போது எல்லா வழங்கல்களும் மறுபடி கடக்க வேண்டியுள்ளது. ஷிம்முக்கு இதுவரை கையொப்பமிட்டுவந்த மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் செல்லுபடிக் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. அதன் இடத்தை 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஏற்கிறது. பூட் கட்டத்தில் ஃபர்ம்வேர்கள் பொதுவாகச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தையே நம்ப முடியாத கட்டம் அது. ஆகவே ஏற்கெனவே நிறுவிய ஷிம் அந்தத் தேதியோடு நின்றுவிடாது. இடர்ப்பாடு அடுத்த ஷிம்மில் வரும்: புதிய சான்றிதழின்கீழ் மட்டுமே கையொப்பம் பெற்ற ஷிம்மை, `db` பட்டியலில் பழைய சான்றிதழ் மட்டும் உள்ள கணினி ஏற்காது. தம் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்பும் பயனர், ஃபர்ம்வேரின் பட்டியலை இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம்:

```
mokutil --db | grep "UEFI CA"
```

விடையில் `Microsoft UEFI CA 2023` என்னும் பெயர் இருந்தால் அக்கணினி புதிய ஷிம்மை வரவேற்கத் தயார். `Microsoft Corporation UEFI CA 2011` மட்டும் வந்தால், உற்பத்தியாளர் தரும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பையோ, வழங்கலின் வழியாகவோ விண்டோஸின் வழியாகவோ வரும் `db` புதுப்பிப்பையோ, புதிய ஷிம் வந்து சேருமுன் நிறுவிக்கொள்ள வேண்டும்.